ஒரு வாரத்துக்கு எத்தனை பழம்?

நான்கு பேர் வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு பழம் என்றால் வாரத்துக்கு 28 வேண்டும். எல்லாம் ஒரே பக்குவத்தில் வாங்கினால் வியாழக்கிழமைக்குள் பாதி கனிந்து குழைந்துவிடும்.

ஞாயிறு மாலை சந்தையில் பூவன் பழத்தில் இரண்டு சீப்பு பாருங்கள். முழு மஞ்சளாக இருப்பதில் 12 பழம், திங்கள் முதல் புதன் வரைக்கு. காம்பும் நுனியும் பச்சையாக இருப்பதில் 12, வியாழன் முதல் சனி வரைக்கு. இரண்டாவது சீப்பைக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பழுத்ததோடு சேர்த்து வைத்தால் அதுவும் விரைவில் பழுத்துவிடும். காயாக இருப்பதைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும், சரியாகப் பழுக்காது.

மீதி நான்கு, அடுத்த ஞாயிறு ஆவியில் வேகவைக்க நேந்திரம். இதை மஞ்சளாக, கெட்டியாக வாங்கலாம். தோலில் கரும்புள்ளி விழுந்தபின்தான் இனிப்பு ஏறும். அது கெட்டதன் அடையாளம் அல்ல. சிப்ஸுக்கு என்றால் பச்சைக் காயே வேண்டும்.

பச்சைப்பழத்தை மட்டும் நிறம் பார்த்து எடைபோடாதீர்கள். வெயில் காலத்தில் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்திருக்கும். மெல்ல அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.