எட்டு மதிப்பெண்களும் ஒரு தலைகீழ் மரமும்

ஒரு வகுப்பில் எட்டு மாணவர்களின் மதிப்பெண்கள் இவை: 62, 35, 91, 48, 77, 12, 85, 54. இவற்றைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும். எட்டு எண்களைக் கண்ணாலேயே அடுக்கிவிடலாம். பத்து லட்சம் பேர் எழுதிய தேர்வு என்றால் அது நடக்காது. அங்கே கணிப்பொறிக்கு ஒரு திட்டமான முறை வேண்டும். அந்த முறை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

1945-ல் ஜான் வான் நியூமன், இன்னும் கட்டி முடிக்கப்படாத எட்வாக் என்ற கணிப்பொறிக்காக ஒரு நிரலைக் கையால் எழுதினார். தனித்தனியே வரிசையாக இருக்கும் இரண்டு பட்டியல்களை ஒரே வரிசையாக இணைப்பதுதான் அதன் மையம். இன்று மெர்ஜ் சார்ட் என்று படிக்கப்படும் முறை அங்கிருந்து வந்தது.

முறை எளியது. பட்டியலை நடுவில் பிரி. ஒவ்வொரு பாதியையும் இதே முறையில் அடுக்கு. பிறகு இரண்டு பாதிகளையும் இணை. இணைக்கும்போது இரண்டு பட்டியல்களின் முதல் எண்களை மட்டும் ஒப்பிட்டு, சிறியதை எடுத்து வெளியே வைத்தால் போதும். ஓர் ஒப்பீட்டுக்கு ஓர் எண் இடம்பெறுவதால், மொத்தம் n எண்களை இணைக்க n-ஐ ஒட்டிய வேலைதான் ஆகும். n எண்களை அடுக்க ஆகும் வேலையை T(n) என்று வைத்துக்கொண்டால், முழு முறையும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

```
T(n) = 2T(n/2) + n,   T(1) = 1
```

இரண்டு பாதிகளுக்கான வேலை, அதோடு அவற்றை இணைக்கும் வேலை. இந்த வரியில் ஒரு சிக்கல் உண்டு. T-க்கு விடை கேட்டால், அது இன்னொரு T-யைக் காட்டுகிறது. n/2-க்கு என்ன ஆகும் என்று கேட்டால் n/4-க்கு அனுப்புகிறது. இந்த அலைச்சலை முடித்துவைக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் வேலை எங்கே நடக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது தற்சுழற்சி மரம்.

மரத்தை வேர் மேலே இருக்கும்படி வரைய வேண்டும். உச்சியில் எட்டு எண்களின் கடைசி இணைப்பு; அதற்கான வேலை 8 என்று எழுதுங்கள். அதன் கீழே இரண்டு கிளைகள். ஒவ்வொன்றும் நான்கு எண்களின் இணைப்பு, ஆகவே 4, 4. அதற்கும் கீழே 2, 2, 2, 2. அடிமட்டத்தில் தனி எண்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் 1.

இனி கிளை கிளையாகப் பார்க்காமல், ஒரே மட்டத்தில் இருப்பவற்றைக் குறுக்காகக் கூட்டுங்கள். உச்சியில் 8. அடுத்த மட்டத்தில் 4 + 4, அதுவும் 8. அதற்கடுத்து நான்கு இரண்டுகள், மீண்டும் 8. அடியிலும் 8. ஒரு படி இறங்கும்போது கிளைகள் இரட்டிக்கின்றன, ஒவ்வொரு கிளையின் வேலையும் பாதியாகிறது. பெருக்கிப் பார்த்தால் மாற்றமே இல்லை. பொதுவாகச் சொன்னால், i-ஆவது மட்டத்தில் 2ⁱ கிளைகள், ஒவ்வொன்றிலும் n/2ⁱ வேலை, மட்டத்தின் மொத்தம் n.

ஆக, மிச்சமிருப்பது ஒரே கேள்வி: மட்டங்கள் எத்தனை? எட்டைப் பாதி பாதியாக்கினால் 4, 2, 1. மூன்று முறையில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம். n-ஐ எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்ற எண்ணிக்கைக்குத்தான் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று பெயர், log n. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். பாதியாக்கியது மூன்று முறை. ஆனால் உச்சியையும் சேர்த்து மட்டங்கள் நான்கு. எனவே விடை

```
T(n) = n(log n + 1) = n log n + n
```

எட்டுக்கு 8 × 4 = 32. n பெரிதாகும்போது பின்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை n, முன்னால் இருப்பதற்கு அருகே சிறுத்துப்போகும். அதனால்தான் சுருக்கமாக n log n என்கிறார்கள்.

நமது மதிப்பெண்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒப்பீடுகளை மட்டும் எண்ணுவோம். முதலில் நான்கு ஜோடிகள்: 35, 62, 48, 91, 12, 77, 54, 85. நான்கு ஒப்பீடுகள். பிறகு 35, 48, 62, 91 என்றும் 12, 54, 77, 85 என்றும் இரண்டு நால்வர் அணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒப்பீடு, மொத்தம் ஆறு. கடைசி இணைப்புக்கு ஏழு. எல்லாம் சேர்த்து 17. எட்டு எண்களுக்கு மெர்ஜ் சார்ட்டில் இதற்கு மேல் ஒப்பீடு தேவைப்படாது. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டிருந்தால் 28 ஆகியிருக்கும்.

17-க்கும் 28-க்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றாது. பத்து லட்சத்தில் பாருங்கள். இரண்டின் இருபதாம் அடுக்கு 10,48,576. ஆகவே பத்து லட்சத்தை இருபது முறை பாதியாக்கினால் ஒன்றுக்கு வந்துவிடலாம். சமமாகப் பிரியாத இடங்களில் ஒரு பக்கம் ஓர் எண் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மொத்த வேலை சுமார் இரண்டு கோடி. எல்லா ஜோடிகளையும் ஒப்பிடுவதென்றால் ஏறத்தாழ 50,000 கோடி. விநாடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடு செய்யும் இயந்திரத்துக்கு முதலாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

மரத்தின் உண்மையான பயன், கணக்கு பிசகும்போது தெரியும். பைத்தானில் பலர் எழுதும் இணைப்பு இது:

```python
def merge(a, b):
    r = []
    while a and b:
        r.append(a.pop(0) if a[0] <= b[0] else b.pop(0))
    return r + a + b
```

விடை சரியாகவே வரும். ஆனால் `pop(0)` முதல் எண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும், பின்னால் இருக்கும் எல்லா எண்களும் ஓர் இடம் முன்னே நகர்த்தப்படுகின்றன. அதனால் இணைப்பின் வேலை n என்ற அளவில் நிற்காமல் n²-இன் அளவுக்கு வளர்கிறது. அதே மரத்தில் இப்போது உச்சியில் 64, அடுத்து இரண்டு 16-கள், அதாவது 32, பிறகு 16, அடியில் 8. மட்டங்கள் சமமாக இல்லை, இறங்க இறங்கப் பாதியாகின்றன. இப்படிக் குறையும் தொடரின் மொத்தம் உச்சியின் இரு மடங்கைத் தாண்டாது, இங்கே 120. ஆகவே விடை n²-இன் அளவு. மடக்கை காணாமல் போய்விட்டது. மெர்ஜ் சார்ட் என்று பெயர் வைத்தும், வேகத்துக்கான காரணம் பறிபோய்விட்டது.

சிறிய பட்டியல்களில் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனெனில் நகர்த்தும் வேலையைக் கணிப்பொறி மிக விரைவாகச் செய்துவிடும். கண்டுபிடிக்க, பட்டியலை இரட்டித்து நேரத்தை அளக்க வேண்டும். 10,48,576 எண்களிலிருந்து 20,97,152-க்குப் போனால் மட்டங்கள் ஒன்றுதான் கூடும். எனவே n log n முறையின் நேரம் இரு மடங்கைவிடச் சற்றே அதிகம், சுமார் 2.1 மடங்கு ஆக வேண்டும். நான்கு மடங்கை நோக்கிப் போனால், இணைப்பில் n² ஒளிந்திருக்கிறது. தீர்வு சிறியது: எண்களை எடுத்து நீக்காமல், இரண்டு பட்டியல்களிலும் எதுவரை வந்தோம் என்பதை இரண்டு எண்களில் குறித்துக்கொண்டு நகர்ந்தால் போதும்.

மரம் வரையும்போது முழுவதையும் வரைய வேண்டியதில்லை. முதல் மூன்று மட்டங்களை எழுதிக் குறுக்காகக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை மாறாமல் நின்றால், மட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பாதி பாதியாகக் குறைந்தால் விடை உச்சியின் இரு மடங்கைத் தாண்டாது. கூடிக்கொண்டே போனால், அடிமட்டத்தில் எத்தனை கிளைகள் என்று எண்ணுங்கள்.