மாதம் மூவாயிரம்தானா? பிள்ளையின் வகுப்புகளுக்கு ஓர் ஆண்டுக் கணக்கு

“மாதம் மூவாயிரம்தான் சார்” என்று அகாடமியில் சொன்னதும், பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்று முடித்துக்கொள்கிறோம். கட்டணம்தான் அவ்வளவு. செலவு வேறு. சென்னைப் புறநகரில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை வைத்து வரும் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் மூன்று நாள் பேட்மிண்டன், இரண்டு நாள் வயலின், மே மாதத்தில் இரண்டு வாரம் கோடை முகாம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்மிண்டனில் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு ஷட்டில். ஆரம்பத்தில் நைலான் ஷட்டில், பல நாள் உழைக்கும். கை தேறியதும் இறகு ஷட்டிலுக்கு மாற்றுவார்கள். ஓர் இறகு ஒடிந்தாலே அது போகும் திசை மாறிவிடும். அதனால் ஷட்டில் காசு தனி என்று சொல்லும் இடங்கள் உண்டு. மாதம் 500 என்றால் ஆண்டுக்கு 6,000. வளரும் கால் என்பதால் ஷூ இரண்டு ஜோடி, 4,000. புது ராக்கெட்டும் அறுந்த நரம்பை மாற்றுவதும் சேர்த்து 4,000. மூன்று போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, சாப்பாடு என 7,000. தினசரி கொண்டுவிட்டு அழைத்துவரும் பெட்ரோல் 3,000. ஆக, 36,000 என்று நினைத்தது 60,000 ஆகிறது.

வயலினுக்கு மாதம் 2,000 வீதம் 24,000. அரை அளவு வயலின் கைக்குச் சின்னதாகிவிட்டதால் முக்கால் அளவு வாங்க வேண்டும், 7,000. தந்தி, ரோசின், விஜயதசமி தட்சிணை, ஆண்டு விழா உடை எல்லாம் சேர்த்து 35,000. முகாமுக்குக் கட்டணம் 6,000. வேனும் சாமான்களும் சேர்ந்தால் 9,000. மொத்தம் 1,04,000 ரூபாய். வீட்டில் ஒதுக்க முடிந்தது 75,000 என்று வைத்துக்கொள்வோம். 29,000 குறைக்க வேண்டும்.

எல்லோருடைய கையும் முதலில் முகாமின் பக்கம்தான் போகும். ஆனால் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், அந்த இரண்டு வாரமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்தச் செலவைக் கழித்தால் 9,000 முழுதாக மிஞ்சாது. தாத்தா பாட்டி உடனிருக்கும் வீட்டில் கணக்கே வேறு. அங்கே முகாமைத் தாராளமாக விடலாம். விளையாட்டு முகாம்தான் வேண்டுமென்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்களில் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாமைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

வயலினை நிறுத்தினால் செலவு 69,000-க்கு இறங்கிவிடும். அதனாலேயே நிறுத்திவிடக் கூடாது; இரண்டு வருடம் பணம் கட்டியாகிவிட்டதே என்பதற்காகத் தொடரவும் கூடாது. கட்டிய பணம் எப்படி முடிவெடுத்தாலும் திரும்பாது. பார்க்க வேண்டியது இனி கட்டப்போகும் 35,000-ஐத்தான். கடந்த ஆண்டு 96 வகுப்பில் 70-க்குத்தான் போயிருக்கிறாள் என்றால், அதே நிலை தொடர்ந்தால் வகுப்புக்கு 500 ரூபாய் விழும்.

இந்த இடத்தில் பாட்டு நோட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் மேலும் தேதி இருக்கும். ஜூனில் எழுதிய கீதத்துக்குப் பிறகு அக்டோபர் வரை புதிதாக ஒன்றும் இல்லையென்றால், வீட்டில் வயலினைத் தொடுவதே இல்லை என்று அர்த்தம். வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டக் கட்டை கிடையாது. சுருதி சேர விரல் தினமும் பழக வேண்டும். பழகாவிட்டால் போன வகுப்பில் விட்டதைப் பிடிப்பதிலேயே அடுத்த வகுப்பு கழிந்துவிடும்.

காரணத்தையும் கேட்டுவிட வேண்டும். பேட்மிண்டன் முடித்துக் களைத்து வந்த அதே மாலையில் வயலின் இருந்தால், பிழை வாத்தியத்தில் இல்லை, நேரத்தில். வகுப்பைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றி மூன்று மாதம் பாருங்கள். அதுவரை புது வயலின் வாங்க வேண்டாம். பெரிய அளவுக்கு மாறிவிட்ட மூத்த மாணவர் யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேட்கலாம். அப்படிக் கிடைத்தால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு 6,000 மட்டும். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றாலும் இப்போது கட்டாதீர்கள். பத்து மாதத்துக்குள் நிறுத்தினால் அது நஷ்டம், கட்டிய பணம் திரும்புவதும் அரிது.

மூன்று மாதத்துக்குப் பிறகும் நோட்டு நகரவில்லையென்றால், எடுத்த கீதத்தை முடித்துவிட்டு நிறுத்தலாம். பிள்ளைக்குப் பாட்டு பிடித்து, வாத்தியம்தான் ஒட்டவில்லையென்றால், 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கான ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, அங்கே குரலிசை வகுப்பு எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் சொற்பம். வீட்டிலிருக்கும் அரை அளவு வயலினை உறையோடு ஆசிரியரிடம் காட்டுங்கள். புதிதாகச் சேரும் பிள்ளை ஒன்றின் பெற்றோர் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளக்கூடும்.