நினைவிழந்தவரின் சொத்துக்கு யார் பொறுப்பு? நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கும் விதம்

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டோ, சாலை விபத்தில் தலையில் அடிபட்டோ மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவருக்கு வங்கியில் பணமும் ஊரில் நிலமும் இருந்தும், அவருடைய சிகிச்சைக்கு அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட அவருடைய மனைவியோ மக்களோ எடுக்க முடியாது என்பதை நம் குடும்பங்களில் பெரும்பாலோர் அந்தச் சங்கடம் நேரும் நாளில்தான் அறிந்துகொள்கிறார்கள். கணவனுடைய சொத்தில் மனைவிக்கு இயல்பாகவே அதிகாரம் உண்டு என்று நாம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோமே ஒழிய, சட்டம் அவ்விதம் கருதவில்லை. பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் தமது ஆஸ்திக்குத் தாமே எஜமானர். அவர் உயிரோடு இருக்கும் வரையில், மனைவியானாலும் மகனானாலும், அவருடைய கையொப்பத்துக்குப் பதிலாகத் தம் கையொப்பத்தை இட ஒருவருக்கும் உரிமை கிடையாது.

இந்த இடத்தில் குடும்பத்தார் முதலில் நினைப்பது பொது அதிகாரப் பத்திரத்தைத்தான். ஆனால் அத்தகைய பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர், தாம் செய்வது இன்னதென்று அறியும் தெளிவோடு இருந்தால்தான் அது செல்லும். நினைவிழந்தவரின் கைவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்திப் பெற்ற ரேகைக்கு எந்த மதிப்பும் இல்லை. முன்பே எழுதி வைத்த அதிகாரப் பத்திரம் இருந்தாலும் அது உதவாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆவது பிரிவில், அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்ததும் அவர் கொடுத்த அதிகாரமும் முடிந்து போகிறது என்று சொல்லிவிடுகிறது. எந்த நிலைமைக்காக மனிதர்கள் அந்தப் பத்திரத்தை எழுதி வைக்கிறார்களோ, அந்த நிலைமை வந்தவுடனேயே அது வெறுங்காகிதமாகிவிடுகிறது. வாரிசுச் சான்றிதழோ இறந்தவருக்கு மட்டுமே உரியது. உயிரோடிருப்பவருக்கு வாரிசுகள் என்று எவரும் இல்லை.

ஆகவே நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் என்ற கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கு உரியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடுகள் ஆகியவற்றை உடையவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கு மாவட்ட அளவில் அமைந்த குழுவே பாதுகாவலரை நியமித்துவிடும். மனநோயாளிகளின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்கலாம் என்று 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்திருந்தது. அதன் ஸ்தானத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், சிகிச்சை சம்பந்தமாக உடனிருந்து உதவும் பிரதிநிதி ஒருவரை ஏற்றுக்கொண்டதே அன்றி, சொத்து நிர்வாகத்தைப் பற்றிய அத்தியாயத்தை விட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வகுத்த பாதுகாவலர் முறையோ, சம்பந்தப்பட்டவரோடு கலந்து பேசி, அவருடைய விருப்பத்தை ஒட்டி, குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுகளுக்கும் மட்டுமே செயல்படும் முறை. பேசவே இயலாது கிடப்பவருக்கு அது எளிதில் பொருந்துவதில்லை.

இவ்வாறு எந்தச் சட்டத்துக்குள்ளும் முழுமையாக அடங்காமல் நிற்கும் நோயாளிகளுக்காகவே உயர் நீதிமன்றங்கள், அரசியல் சட்டத்தின் 226-ஆவது விதி தமக்கு அளித்துள்ள அதிகாரத்தைக் கொண்டு ஒரு வழியைத் திறந்திருக்கின்றன. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிரஜைக்கு அரசு பெற்றோர் ஸ்தானத்தில் நின்று காப்பளிக்க வேண்டும் என்பது மிகப் பழைய நீதிக் கோட்பாடு. அந்தக் கடமையைச் சட்டமன்றம் வகை செய்யாத இடத்தில் நீதிமன்றம் தானே ஏற்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பில், இத்தகைய மனுக்களை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்று வரிசையாக நெறிமுறைகளை வகுத்தது. அவை பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல என்றாலும், தக்க வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளத் தகுந்தவை.

நடைமுறையை விளக்க ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் சிறு வியாபாரம் செய்துவந்த ஐம்பத்து நான்கு வயதுள்ள ஒருவர், பக்கவாதம் தாக்கி ஆறு மாதமாக நினைவின்றி இருக்கிறார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், மணமான மகள், வயது முதிர்ந்த தாய், ஒரு தம்பி ஆகியோர் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கிலும் வைப்புத்தொகையிலுமாகப் பதினான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. குடியிருக்கும் வீடும் ஒரு காலி மனையும் அவர் பெயரில் இருக்கின்றன. மருத்துவமனைக்காக வாங்கிய கடன் ஒன்பது லட்சம். செவிலியர், உணவு, மருந்து ஆகியவற்றுக்கு மாதந்தோறும் நாற்பதாயிரம் ஆகிறது. கடனைத் தீர்த்தால் மிஞ்சுவது ஐந்து லட்சம். அது ஓராண்டுக்குச் சற்றுமேல்தான் தாங்கும். ஆகவே பணத்தை எடுக்க மட்டுமல்லாமல், மனையை விற்கவும் அனுமதி வேண்டியிருக்கிறது.

மனைவி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனுவைத் தாக்கல் செய்கிறார். அதனோடு இணைக்கும் பிரமாண வாக்குமூலத்தில் கணவருக்கு உரிய சொத்துக்கள் யாவும் ஒன்று விடாமல் சொல்லப்பட வேண்டும். எதையேனும் மறைத்திருப்பது பின்னர் வெளிப்பட்டால், மற்ற எல்லாவற்றிலும் அவர்மேல் இருந்த நம்பிக்கை அதனோடு போய்விடும். வங்கிக் கணக்குகளின் எண்களும், மனையின் சர்வே எண்ணும் அளவும் மனுவிலேயே இருக்க வேண்டியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. நீதிமன்றம் அளிக்கும் அதிகாரம் உத்தரவில் பெயர் சொல்லப்பட்ட சொத்துக்களோடு நின்றுவிடும். உத்தரவில் இல்லாத கணக்கை வங்கி மேலாளர் திறந்துவிடமாட்டார், உத்தரவில் இல்லாத மனையைச் சார்பதிவாளர் பதிவு செய்யமாட்டார். இதனால் இரண்டாம் முறையாக நீதிமன்றப் படி ஏற நேர்ந்த குடும்பம், அதற்கான காலத்தையும் பணத்தையும் நோயாளியின் சிகிச்சையிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும்.

மனு வந்ததும் நீதிமன்றத்தின் முன் நிற்பது, இவரால் உண்மையிலேயே தம் காரியங்களைக் கவனித்துக்கொள்ள இயலாதா என்ற கேள்வி. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த சான்று இதற்குப் போதாது. கேரள நெறிமுறைகளின்படி, நரம்பியல் நிபுணர் ஒருவரையேனும் உள்ளடக்கிய மருத்துவக் குழு நோயாளியை நேரில் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். தாசில்தார் பதவிக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று, அவரையும் அவருடைய குடும்ப நிலையையும், சொத்து விவரங்களையும் விசாரித்து எழுத வேண்டும். சுயநினைவுடைய முதியவர் ஒருவரை அறையில் அடைத்து வைத்துவிட்டு, அவருக்கு நினைவில்லை என்று சொல்லி ஆஸ்தியைக் கைப்பற்ற எவரேனும் முற்பட்டால், அது வெளிப்படும் சந்தர்ப்பம் இந்த இரண்டு அறிக்கைகளில்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி, யார் பாதுகாவலராவது என்பது. மனைவி, மக்கள் போன்ற நெருங்கிய உறவினரையே நீதிமன்றம் முதலில் நோக்குகிறது. தகுந்த உறவினர் எவரும் இல்லாதபோது சமூக நலத் துறை அதிகாரி போன்ற அரசு ஊழியரை நியமிக்கவும் இடமுண்டு. நாளை எவரெவர் வாரிசாகக் கூடுமோ அவர்கள் எல்லோரும் மனுவில் கட்சியினராகச் சேர்க்கப்பட வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் முதல் வகுப்பு வாரிசாதலால், நம் உதாரணக் குடும்பத்தில் முதிய தாயின் சம்மதத்தையும் வாக்குமூலமாகப் பெற்றுத் தர வேண்டும். மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதற்காக அவர் பெயரை விட்டுவிட்டால், மனுவே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

தம்பி முதல் வகுப்பு வாரிசு அல்லர். ஆயினும் அவர் முன்வந்து, “காலி மனை கூட்டுக் குடும்பப் பணத்தில் வாங்கியது, அதில் எனக்கும் பாகம் உண்டு” என்று ஆட்சேபித்தால் விவகாரம் வேறு திசையில் திரும்பிவிடுகிறது. சொத்து யாருடையது என்னும் வழக்கைச் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை; நீதிப்பேராணை அதிகாரத்தில் அது சாதாரணமாகச் செய்யப்படுவதில்லை. அப்போது வங்கிப் பணத்தின் மட்டில் உத்தரவு கிடைக்கலாம். மனை மட்டும் நெடிய வழக்கில் சிக்கிக்கொள்ளலாம். ஆதலால் மனுச் செய்யும் முன்பே மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து, எந்தச் சொத்து தகராறற்றது என்று தெரிந்துகொண்டு, விற்பனைக்கு அதையே குறிப்பிடுவது விவேகம்.

எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதே நீதிமன்றத்தின் உண்மையான அக்கறை விளங்கும் இடம். சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்த்த ஒரு வழக்கு இதற்குச் சிறந்த உதாரணம். நினைவிழந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கோரி வந்த பெண்மணியைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், பி. பி. பாலாஜி ஆகியோர், அத்தகைய நோயாளியைப் பராமரிப்பது எளிதன்று, அதற்குப் பணம் வேண்டும், முழுப் பாரத்தையும் சுமக்கும் மனைவியைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்புவது சரியன்று என்ற கருத்தில் அவரையே பாதுகாவலராக நியமித்தார்கள். சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தவர்கள், அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள்: ஐம்பது லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாக வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை மட்டும் மனைவி பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஏழு சதவிகித வட்டி என்று வைத்துக்கொண்டால், அது மூன்று மாதத்துக்கு 87,500 ரூபாய் ஆகிறது. மனைவிக்கு அன்றாடச் செலவுக்கு வழி பிறக்கிறது. முதலோ கணவருடையதாகவே நிற்கிறது. இரக்கமும் எச்சரிக்கையும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே உத்தரவில் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம்.

நியமனம் பெற்றபின் பாதுகாவலரின் பொறுப்பு தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, என்ன பரிவர்த்தனைகள் நடந்தன, எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவாயிற்று என்ற அறிக்கையை உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேரள நெறிமுறைகள் விதிக்கின்றன. முறைகேடு நேர்ந்தால் பாதுகாவலரை நீக்கிவிடலாம். நல்லெண்ணம் உள்ளவர்களே இங்கு இடறுவதற்கு இடமுண்டு: நோயாளியின் பணத்தைத் தம் சொந்தக் கணக்குக்கு மாற்றி, வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், இரண்டாண்டு கழித்து எது எதற்குச் செலவாயிற்று என்று அவர்களாலேயே சொல்ல முடியாது போகிறது. தனிக் கணக்கு ஒன்றை வைத்து, மருந்துச் சீட்டு முதல் செவிலியர் சம்பள ரசீது வரையில் தேதிவாரியாகச் சேர்த்து வருவதே, பின்னாளில் உறவினர் ஒருவர் பழி சுமத்தும்போது பாதுகாவலருக்கு உள்ள ஒரே அரண்.

நோயாளி தெளிவு பெற்றால், அவருடைய அதிகாரம் அவரிடமே திரும்ப வேண்டும். பாதுகாவலர் கணக்கை ஒப்படைத்து விலகிக்கொள்ள வேண்டும். நோயாளி காலமாகிவிட்டால் பாதுகாவலரின் அதிகாரமும் அந்த நாளோடு முடிகிறது. மீதியுள்ள சொத்து வாரிசுகள் எல்லோருக்கும் உரியதாகிறது. இத்தனை ஆண்டுகள் பாதுகாவலராக இருந்தேன் என்ற காரணத்தால், மனைவிக்குத் தம் பங்குக்கு மேல் ஒரு காசும் சேராது. முதிய தாயின் பங்கு தாய்க்கே உரியது. நீதிமன்றம் மனைவியை நியமித்தது கணவருடைய சொத்தைத் தருவதற்காக அன்று, கணவருக்காக அதைக் காத்துச் செலவிடுவதற்காகவே என்பதை நினைவில் கொண்டவர்களுக்கு, அந்த நாளில் உறவினர் முன்னிலையில் கணக்கை வைப்பதில் எவ்விதச் சங்கடமும் இராது.