'வீட்ல ஒத்துக்க மாட்டாங்க' வேண்டாம்

ஒரே டீமில் இருப்பவர் இரவில் வாட்ஸ்அப்பில், "உங்களைப் பிடிச்சிருக்கு" என்கிறார். மனம் நோகக்கூடாதென்று "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொன்னால், வீட்டைச் சம்மதிக்க வைக்கக் கிளம்பிவிடுவார். காரணம் சொன்னாலே பேரம்தான். "வெளிப்படையா சொன்னதுக்கு நன்றிங்க. எனக்கு அப்படி எண்ணம் இல்ல, இனியும் வராது. இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். கடைசி வாக்கியம்தான் அவர் மானத்தைக் காக்கிறது.

மறுநாள் நீங்களே போய் வேலை விஷயம் ஒன்றைக் கேளுங்கள். தனியாகக் காபிக்குப் போவது மட்டும் சில வாரம் வேண்டாம்.

அதற்குப் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் அந்த வாக்குறுதி உங்களைக் கட்டாது. செய்திகளை அழிக்காதீர்கள். 10 பேராவது வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பெண்கள் 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம்.