உங்களுக்குத் தெரியுமா? தோஹாவில் எழுதிய உயில் தக்கலையில் செல்லுமா?

சாட்சியே இல்லாத உயில்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒருவர் தன் கைப்பட முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், சாட்சி இல்லாமலே அது உயில் ஆகிவிடும். அதே தாளை வைத்துத் தக்கலைப் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பை மகள் பெயருக்கு மாற்ற முடியாது. நிலம் எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் அதற்கு. கிறிஸ்தவர்களுக்கு இதை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. இந்துக்களின் நிலத்துக்கும் நீதிமன்றங்கள் கடைப்பிடிப்பது இதே விதியைத்தான்.

பேங்க் டெபாசிட்டும் நகையும் வேறு கதை. அவற்றுக்கு, இறந்தவர் நிரந்தரமாகக் குடியேறிய நாட்டின் சட்டம் வரும். வளைகுடாவில் விசா புதுப்பித்துப் புதுப்பித்து இருபது வருடம் இருந்தவர், ஊர் திரும்பும் எண்ணத்தோடு இருந்தவரை ‘குடியேறியவர்’ ஆகமாட்டார். டொராண்டோவில் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர் நிலை அப்படியல்ல.

இரண்டு கையெழுத்து, ஒரு நீதிமன்றப் படி

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். தூதரக முத்திரையும் கட்டாயமில்லை, பதிவும் கட்டாயமில்லை. கட்டாயமானது இரண்டு சாட்சிகள். எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது “இது என் கையெழுத்துதான்” என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. சாட்சி இந்தியராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அறைத்தோழர் பிலிப்பைன்ஸ்காரர் என்றாலும் செல்லும்.

நம் சட்டப்படி இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் இருவரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதனால் எந்த நாட்டில் எழுதினாலும் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடித்துவிடுவது உத்தமம். நோட்டரி வைக்கும் சீல் சாட்சிக் கையெழுத்து ஆகாது. அவரும் சாட்சியாக ஒப்பமிட்டால்தான் கணக்கில் வருவார்.

உயில்களில் பல கவிழ்வது எழுதிய அன்று அல்ல, முப்பது வருடம் கழித்து. உயிலை யாராவது மறுத்தால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றப் படி ஏறி “என் கண் முன்னால் போட்டார்” என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. இருவருமே கிடைக்காவிட்டால், எழுதியவரின் கையெழுத்தையும் குறைந்தது ஒரு சாட்சியின் கையெழுத்தையும் வேறு ஆட்கள் மூலம் நிரூபிக்க வேண்டிவரும்; அது அலைச்சல். ஆகவே உங்களைவிட வயதில் இளையவராக, ஊருக்குத் திரும்பி வரக்கூடியவராகப் பாருங்கள். வெளிநாட்டு முகவரியோடு அவருடைய ஊர் முகவரியையும் எழுதி வாங்குங்கள்.

அக்காள் கணவர் சாட்சி போட்டால்?

மார்த்தாண்டத்துக் கிறிஸ்தவச் செவிலியர் ஒருவர் தோஹாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டைத் தம்பிக்கும், பன்னிரண்டு சென்ட் ரப்பர் விளையை அக்காளுக்கும் எழுதுகிறார். அதே ஊரில் வேலை பார்க்கும் அக்காள் கணவர் நல்லெண்ணத்தோடு ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறார். உயில் செல்லும், தம்பிக்கு வீடும் கிடைக்கும்; அக்காளுக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு சென்ட் கிடைக்காது. சாட்சிக்கோ, சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாது என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு.

எழுதியவர் இந்து என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது, அக்காள் விளையை எடுத்துக்கொள்வார். ஆனாலும் பலன் பெறுகிறவர் வீட்டு ஆளைச் சாட்சியாக வைத்தால் நீதிபதிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கிறிஸ்தவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் தானாகவே ரத்து. தாய்க்கு வீட்டை எழுதிவைத்த இளைஞர் லீவில் வந்து மணம் முடித்துவிட்டுத் திரும்பினால், புதிதாக எழுத வேண்டும். இந்துவின் உயில் கல்யாணத்தால் ரத்தாகாது.

முஸ்லிம்களுக்கு இந்தச் சாட்சி விதிகளே இல்லை, வாய்மொழியாகவும் சொல்லலாம். ஆனால் கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க வேண்டுமானால், எழுதியவர் இறந்தபின் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

உயிலே இல்லாவிட்டால்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த வால் நீண்டகாலம் விடவில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. இங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு அது இன்னும் பொருந்துமா என்பதில் சென்னை உயர்நீதிமன்றமே இரண்டு விதமாகப் பேசியது. சாலமன் எதிர் முத்தையா வழக்கில் பொருந்தாது என்றும், செல்லையா எதிர் லலிதா பாய் வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு பொருந்தும் என்றும் தீர்ப்பு. கேரளத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்சநீதிமன்றம் முடிவு கட்டியது: 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. “உயில் எழுதாவிட்டாலும் ஆண்பிள்ளைக்குத்தானே போகும்” என்று இன்றும் வெளிநாட்டில் இருந்து சொல்கிறவர்கள் பழைய சட்டத்தைப் பேசுகிறார்கள்.

ஒரே வரியில் ஊர் உயில் ரத்து

நாகர்கோவிலில் பத்து வருடம் முன் எழுதிய உயில் இருக்கிறது. இப்போது சிட்னி வீட்டுக்காக அங்குள்ள வக்கீல் ஒன்று தயாரிக்கிறார். அதன் முதல் வரியில் வழக்கமாக வரும் வாசகம், “இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்.” கையெழுத்தானதும் நாகர்கோவில் உயில் போயிற்று. “ஆஸ்திரேலியாவில் உள்ள சொத்து தொடர்பான முந்தைய உயில்களை மட்டும்” என்று திருத்தச் சொல்லுங்கள். ஊர் உயிலிலும் இந்தியச் சொத்துக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் கையெழுத்து?

செல்லாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. வீடியோ அழைப்பில் சாட்சி பார்த்தார் என்பதும் வழக்குக்குத் தீனி.

ஒட்டிய உறை

நேரில் வர முடியாதவருக்கு, உயிலை ஒட்டிய உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் இருக்கிறது. முறையான அதிகாரம் பெற்ற முகவர் மூலமாகவும் கொடுக்கலாம். உறையின் மேல் எழுதியவர் பெயரும், ஆவணம் என்ன என்பதும் இருக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவர் முகவரோ மட்டுமே திரும்ப வாங்க முடியும். இறந்தபின் விண்ணப்பித்தால், விண்ணப்பதாரர் முன்னிலையில் உறையைத் திறந்து, அவர் செலவில் உள்ளடக்கத்தை 3-ஆம் புத்தகத்தில் பதிந்து, மூலத்தை மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். உறையில் போடுமுன் பழைய சர்வே எண், மறுஅளவை எண் இரண்டையும் சரிபார்த்து எழுதிவிடுங்கள். இங்கே பல பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருப்பதால், அந்த எண்ணைத் தப்பாகப் படித்து எழுதுவது அடிக்கடி நடக்கிறது.