ஒரே கணக்கு: ஒரு வரிசையில் 3 நிமிடம், இன்னொன்றில் 51 நிமிடம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், புரோகிராம்களை வேகமாக ஓடவைப்பது எப்படி என்று கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. அதன் முதல் வகுப்பில் பேராசிரியர் சார்லஸ் லெய்சர்சன் ஓர் அட்டவணையைக் காட்டுவார். தலா 4096 நிரை, 4096 நிரல் கொண்ட இரண்டு அணிகளை சி மொழியில் பெருக்க வேண்டும். ஒரு புரோகிராம் அதை 178 விநாடியில் முடிக்கிறது. இன்னொன்றுக்கு 1,156 விநாடி ஆகிறது. மூன்றாவது 3,057 விநாடி, அதாவது 51 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கணினி ஒன்றுதான். மூன்றிலும் நடக்கும் பெருக்கல்களும் ஒரே எண்ணிக்கைதான்: 6,800 கோடிக்கு மேல்.

வேறுபாடு மூன்று லூப்களின் வரிசையில் மட்டும். 178 விநாடியில் முடிந்தது இது:

```c
for (int i = 0; i < n; i++)
  for (int k = 0; k < n; k++)
    for (int j = 0; j < n; j++)
      C[i][j] += A[i][k] * B[k][j];
```

மேலே உள்ள மூன்று வரிகளை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் விடை மாறாது. C-யின் ஒவ்வொரு கட்டத்திலும் k ஏறுவரிசையிலேயே கூட்டப்படுவதால், தசமப் பிழைகூட ஒன்றாகவே வரும். மாறுவது, நினைவகத்தை எந்தப் பாதையில் தொடுகிறோம் என்பதுதான்.

ஒரு எண்ணுக்கு 8 பைட். ஆனால் ராமிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துவர முடியாது. ஒரு சிட்டிகை உப்பு கேட்டாலும் பொட்டலமாகவே தரும் கடைபோல, பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட ஒரு கட்டு முழுவதும், அதாவது பக்கத்துப் பக்கத்து எண்கள் எட்டும் சேர்ந்தே கேச்சுக்கு வந்து சேரும். சி மொழி அணியை நிரை நிரையாக அடுக்கிவைக்கிறது. நிரையின் வழியே நடந்தால், ஒரு கட்டு எட்டு படிகளுக்கு உதவும். நிரலின் வழியே இறங்கினாலோ ஒவ்வொரு படியிலும் 32,768 பைட் தள்ளிக் குதிக்க வேண்டும். வந்த எட்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் லூப்பை மட்டும். அது j என்றால் B, C இரண்டும் நிரை வழியே போகின்றன; A அசைவதில்லை. எட்டு படிக்கு இரண்டு கட்டு போதும். பாடநூல்களில் வழக்கமாக இருக்கும் i, j, k வரிசையில் உள்ளே ஓடுவது k. அப்போது A நிரையில் போகிறது, B நிரலில் இறங்குகிறது. எட்டு படிக்கு ஒன்பது கட்டு. j, k, i என்று எழுதினால் A, C இரண்டுமே நிரலில் இறங்குவதால் பதினாறு கட்டு. அந்த 51 நிமிடம் இதற்குத்தான்.

காகிதக் கணக்குப்படி கடைசி வரிசை முதல் வரிசையைவிட எட்டு மடங்குதான் மெதுவாக இருந்திருக்க வேண்டும். கடிகாரம் காட்டியதோ பதினேழு மடங்கு. நிரை வழியே போகும்போது, அடுத்து எந்தக் கட்டு தேவைப்படும் என்பதைச் சிப் ஊகித்து முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. நிரலில் ஒவ்வொரு குதிப்பும் வேறொரு நினைவகப் பக்கத்தில் போய் விழுவதால் அந்த ஊகம் எடுபடாது. அந்தப் பக்கத்தின் உண்மை முகவரியைத் தேடும் வேலையும் கூடவே சேர்கிறது.

இதைச் செய்துபார்க்கும் மாணவர்களுக்குச் சில வேடிக்கைகளும் காத்திருக்கின்றன. 50 × 50 அணியை எடுத்தால் மூன்று அணிகளும் சேர்ந்தே 60,000 பைட்தான். எல்லாம் கேச்சுக்குள் அடங்கிவிடுவதால் பெரிய வேறுபாடு தெரியாது. 512 × 512 அணியைவிடச் சற்றே பெரிய 513 × 513 அணி விரைவாக முடிவதும் உண்டு. 512-இல் ஒரு நிரலின் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே சரியாக 4,096 பைட் இருக்கும். 32 கிலோபைட் கொண்ட வழக்கமான முதல்நிலை கேச்சில் அவை எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் அனுப்பப்படும். அந்தப் பெட்டியில் எட்டுக் கட்டுக்குத்தான் இடம் உண்டு. ஒன்பதாவது வந்ததும் பழையது ஒன்று வெளியேற வேண்டும். மீதிப் பெட்டிகள் காலியாகவே கிடக்கும். 513 என்றாகும்போது எண்கள் பல பெட்டிகளில் பரவிக்கொள்கின்றன.

கம்பைலரும் குட்டையைக் குழப்பும். எம்.ஐ.டி. அட்டவணை, கம்பைலரின் வேகமூட்டலை அணைத்துவைத்து எடுத்தது. `-O3` கொடுத்தால் சில ஜி.சி.சி. பதிப்புகள் லூப் வரிசையைத் தாமே மாற்றிவிடக்கூடும். அளந்தவருக்கு இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் ஓடியதுபோலத் தோன்றும். C-யை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் மொத்தப் பெருக்கலையும் வெட்டி எறிந்து, நேரம் பூஜ்யம் என்றுகூடக் காட்டலாம். விடையின் ஒரு கட்டத்தையாவது அச்சிடுவது நல்லது. காரணம் கேச்தானா என்று உறுதிசெய்ய, லினக்ஸில் `perf stat -e cache-misses` கட்டளையுடன் இரண்டையும் ஓட்டி எண்களை ஒப்பிடலாம்.

ஃபோர்ட்ரான் அணியை நிரல் நிரலாக அடுக்கும் மொழி. அங்கே அட்டவணை தலைகீழாகிவிடும்: சி-யில் 51 நிமிடம் இழுத்தடித்த j, k, i வரிசைதான் ஃபோர்ட்ரானில் முந்துகிறது.