முத்திரை அசல், டயர் போலி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது வாழப்பாடி. பாக்கும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிய வண்டிகள் ஓய்வதே இல்லை. டயர் சீக்கிரம் தேயும். புது டயரின் விலையோ சின்ன வண்டிக்காரரைத் திணறடிக்கும். பாதி விலைக்கு 'செகண்ட்ஸ்' டயர் கிடைக்கும்போது மனம் அங்கே போவது இயல்புதான். "அண்ணே, ஐஎஸ்ஐ இருக்கு பாருங்க, கம்பெனி டயருங்க" என்று விற்பவர் பக்கச்சுவரைக் காட்டுவார். அவர் காட்டுவது பெரும்பாலும் உண்மையான முத்திரையாகத்தான் இருக்கும். ஏமாற்று வேலை நடந்திருப்பது வேறிடத்தில்.

மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வாகன டயர், டியூப் இரண்டுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரும் டயருக்கும் இது பொருந்தும். லாரி, வேன் டயர் என்றால் முத்திரையின் மேலே ஐஎஸ் 15636 என்றும், கார் டயரில் 15633 என்றும், இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயரில் 15627 என்றும் இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் பெற்ற கம்பெனியின் பெயரும் முகவரியும், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். டயரில் இருக்கும் பெயரும் செயலி காட்டும் பெயரும் வேறாக இருந்தால் அந்த டயரை அங்கேயே விட்டுவிடலாம்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. டயர் அச்சிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்குத்தான் முத்திரை சாட்சி. அதன் பிறகு அந்த டயருக்கு என்ன செய்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. நம் ஊர்களில் கைமாறும் ஆபத்தான டயர்களில் பல, நல்ல கம்பெனியின் தேய்ந்த டயர்கள்தான். பட்டன் தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுக் காடி வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்துவிடுகிறார்கள். அப்போதும் பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை அப்படியே இருக்கும்.

புது லாரி டயரில் பட்டன் ஆழம் சுமார் 15 மில்லிமீட்டர் இருக்கும். காடியின் அடியில் ஆங்காங்கே குறுக்காக 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சிறு ரப்பர் மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் ஓய்வுக்கு வந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே கம்பிப் பட்டையைக் காக்க மெல்லிய ரப்பர் அடுக்கு மட்டுமே மிஞ்சியிருக்கும். கத்தி வெட்டுவது அந்த அடுக்கைத்தான். ஒரு கூர்மையான ஜல்லி குத்தினால் போதும், மழைத்தண்ணீர் கம்பி வரை போய்விடும். கம்பி துருப்பிடிக்கும், ரப்பர் அதிலிருந்து பிரியும், வெயிலில் பாரத்தோடு ஓடிச் சூடேறும்போது பட்டை பிய்ந்து பறக்கும். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் டயர்த் துண்டுகளில் சில இப்படி வந்தவை.

கண்டுபிடிக்கும் இடமும் அதே மேடுதான். டயரின் தோள்பகுதியில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அங்கிருந்து நேராகக் காடிக்குள் டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்கள். மேடு இருக்க வேண்டும். அது அறுபட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ கத்தி ஓடியிருக்கிறது. அச்சில் வார்த்த காடியின் சுவர் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். வெட்டிய காடியில் கத்தி நடுங்கிய அலைகள் தெரியும், ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். கல் சிக்காமலிருக்க லாரி டயரின் காடிக்குள் வரிசையாகச் சிறு மொட்டுகள் வார்த்திருந்தால் அவையும் போயிருக்கும். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளை மட்டும் நம்ப வேண்டாம். சில நவீன அச்சுகளில் அவை வருவதே இல்லை.

காடி வெட்டுவதெல்லாமே மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துத் தயாரிக்கும் லாரி டயர்கள் உண்டு. அவற்றின் பக்கச்சுவரில் ரீகுரூவபிள் என்று வார்த்திருக்கும். நாமக்கல் பக்கம் வெளிப்படையாக நடக்கும் ரீட்ரெடிங்கும் வேறு தொழில். அங்கே பழைய பட்டனைச் சீவிவிட்டு, புது ரப்பர் பட்டையைச் சூட்டில் ஒட்டுகிறார்கள். ரீட்ரெட் என்று சொல்லி, பில் போட்டு விற்பவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது தேதி. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வாரத்துக்கு வாரம் இதை மாற்ற வேண்டியிருப்பதால் அச்சில் தனித் தகடு பொருத்துகிறார்கள். அதன் விளிம்பு எண்களைச் சுற்றி மெல்லிய கோடாகத் தெரியலாம். ஆனால் எண்ணைச் சுற்றி மட்டும் ரப்பர் தேய்த்தாற்போல மங்கியிருந்தாலோ, எழுத்தின் உயரம் ஒன்றுபோல் இல்லாவிட்டாலோ யாரோ கைவைத்திருக்கிறார்கள். எட்டு வருட டயரில் பட்டன் மட்டும் புதிதாக நின்றால், காடிக்குள் இன்னொரு முறை டார்ச் அடியுங்கள்.

விலை பேசி முடித்த பிறகு, பில்லில் அளவோடு டயரின் தனி வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி கேட்டுப் போனால் கம்பெனி முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். முத்திரையே போலி என்று தெரிந்தால், அதே செயலியில் புகைப்படத்தோடு புகார் கொடுக்கலாம்.